‘பயணம்’ங்கிற வார்த்தையை முதல்ல எடுத்தோம்

இன்னிக்கு எபிசோட்ல கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். போன மாசம் என் காலேஜ் நண்பன் ஒருத்தனுக்கு நடந்த விஷயத்தைச் சொல்லப் போறேன். பேரு சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டான், மத்தபடி எல்லாத்தையும் சொல்லச் சொல்லிட்டான்.

அவன் சிவில் படிச்சவன். அஞ்சு வருஷம் சென்னையில அப்பார்ட்மெண்ட் கட்டுற சைட்ல சைட் இன்ஜினியர். இப்போ சாஃப்ட்வேர் டெஸ்டிங்குக்கு மாறிட்டு இருக்கான். ஒரு சின்ன கம்பெனியில ஆறு மாச ட்ரெய்னி, அது முடியப் போகுது. அடுத்த வேலை தேடணும். அதனால லிங்க்ட்இன்ல ஒரு போஸ்ட் போட்டான், அதை எழுதினது மெஷின். ‘சிவில்ல இருந்து டெஸ்டிங்குக்கு மாறுறேன், தமிழ்ல ஒரு போஸ்ட் எழுது’ன்னு ஒரே ஒரு வரி கொடுத்திருக்கான். வந்தது இது:

‘எனது வாழ்க்கைப் பயணத்தில் ஒரு புதிய அத்தியாயம் தொடங்குவதை அறிவிப்பதில் மகிழ்ச்சி அடைகிறேன். ஐந்து ஆண்டுகள் கட்டுமானத் துறையில் 20 பேர் கொண்ட குழுவைத் திறம்பட வழிநடத்திய நான், இன்று தொழில்நுட்ப உலகில் காலடி எடுத்து வைக்கிறேன். இது வெறும் வேலை மாற்றம் அல்ல. இது ஒரு மாற்றத்தின் கதை. சவால்கள், கற்றல், வளர்ச்சி ஆகிய மூன்றும் என்னைச் செதுக்கின. உங்கள் வசதியான வட்டத்தை விட்டு வெளியே வாருங்கள், கனவுகள் காத்திருக்கின்றன.’

லைக் நல்லாவே வந்துச்சு. கமெண்ட் பூரா ‘வாழ்த்துகள்’. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு இண்டர்வியூ. எதிர்ல உக்காந்திருந்தவர் இந்த போஸ்டைப் படிச்சுட்டு வந்திருக்கார். முதல் கேள்வியே, ‘20 பேர் டீம்னு போட்டிருக்கீங்களே, யார் யார் என்ன வேலை பாத்தாங்க? நீங்க எப்படிப் பிரிச்சுக் கொடுத்தீங்க?’

இவனுக்குப் பேச்சே வரல. ஏன்னா அப்படி ஒரு டீமே கிடையாது. சைட்ல இருந்த ஆளுங்க மேஸ்திரி சொன்னதைக் கேட்டாங்க, இவன் சொன்னதை இல்ல. இருபதுங்கிற நம்பரை இவன் மெஷின்கிட்ட கொடுக்கவும் இல்ல. அது போட்டுச்சு, பாக்க நல்லா இருந்துச்சு, இவன் விட்டுட்டான். அன்னிக்கு ராத்திரி போன் பண்ணி, ‘மச்சான், நான் பொய் சொல்லலடா, ஆனா பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சு’ன்னான்.

ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு மொட்டை மாடியில உக்காந்து அதை மாத்தி எழுதினோம். எப்படி எழுதினோம்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல, அந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சுன்னு புரிஞ்சுக்கணும். இந்த மாடல் எல்லாம் அடுத்து எந்தச் சொல் வந்தா பொருத்தமா இருக்கும்னு கணிச்சுக் கணிச்சு எழுதுற சாதனம். நீங்க ஒரு வரி கொடுத்துட்டு ஒரு முழு போஸ்ட் கேட்டா, மீதியை எதை வச்சு நிரப்பும்? இதுவரைக்கும் வேலை மாறினவங்க எழுதின மாதிரியான வரிகளை வச்சுத்தான். அதுல ‘பயணம்’ வரும், ‘அத்தியாயம்’ வரும், ‘குழுவை வழிநடத்தி’ வரும். குழுன்னு வந்தா ஒரு நம்பரும் வரும். அதுக்கு அது உண்மையா பொய்யான்னு ஒண்ணும் இல்ல, அங்க ஒரு நம்பர் பொருந்துது, அவ்வளவுதான்.

அதனால பேப்பர்ல பிரிண்ட் எடுத்துட்டு, ஒவ்வொரு வரிக்கும் ரெண்டு கேள்வி கேட்டோம். ஒண்ணு, இந்த வரியை வேற ஒருத்தன் தன் பேர்ல அப்படியே போட்டுக்க முடியுமா? ரெண்டு, இதைப் பத்தி யாராவது ‘எப்படி?’ன்னு கேட்டா உன்னால அஞ்சு நிமிஷம் பேச முடியுமா?

ஆறு வாக்கியத்துல அஞ்சு, யார் வேணா போட்டுக்கலாம். பேங்க்ல இருந்து பேக்கரி வைக்கப் போறவனும் போட்டுக்கலாம். மிச்சம் இருந்த ஒண்ணு அந்த 20 பேர் வரி, அது உண்மை இல்ல. ஆக அவன் போஸ்ட்ல அவனே இல்ல.

இங்கதான் நிறைய பேர் தப்புப் பண்றாங்க, நானும் பண்ணப் பாத்தேன். அந்த டிராஃப்டையே பட்டி பாக்க ஆரம்பிச்சேன். ‘பயணம்’ எடுத்தா ‘பாதை’ வருது. ‘செதுக்கின’ எடுத்தா ‘வளர்த்தன’ வருது. சொல்லு மாறுது, எலும்பு அப்படியே இருக்கு. ‘இது அல்ல, இது’ன்னு ஒரு வரி, மூணு மூணா அடுக்குற ஒரு வரி, கடைசியில ஊருக்கு ஒரு உபதேசம். அதை வச்சுக்கிட்டு என்ன மாத்தினாலும் அதே வாசனைதான்.

அதனால பேப்பரை மடிச்சு வச்சுட்டு, போன்ல ரெக்கார்டர் ஆன் பண்ணேன். ‘உங்க சித்தப்பா கல்யாணப் பந்தியில பக்கத்துல உக்காந்து, ஏன்டா அந்த வேலையை விட்டேன்னு கேக்குறாரு. சொல்லு’ன்னேன். ஆறு நிமிஷம் பேசினான். முதல் ஒரு நிமிஷம் அதே போஸ்ட் பாஷைதான் வந்துச்சு. அப்புறம் ‘அட, ப்ராஜெக்ட் நின்னு போச்சுடா, எட்டு மாசம் சும்மா இருந்தேன்’னான். அங்கதான் உண்மையான பேச்சு ஆரம்பிச்சது.

நான் கேட்டேன், ‘சரி, ஏன் டெஸ்டிங்?’ முதல்ல ‘ஆர்வம்’னான். ‘ஆர்வத்தை விடு, சைட்ல நீ தினம் என்ன செய்வே?’ன்னேன். அப்போதான் கவர் பிளாக் கதை வந்துச்சு. தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஸ்லாப் போடும்போது கம்பி நேரா பலகை மேல படுக்கக் கூடாது. அடியில சின்னச் சின்ன கான்கிரீட் கட்டை வச்சு தூக்கி வைப்பாங்க, அதுதான் கவர் பிளாக். அது இல்லன்னா கம்பிக்கு அடியில போதுமான கான்கிரீட் இருக்காது, நாளடைவுல ஈரம் ஏறி துரு பிடிக்கும். கான்கிரீட் போட்டுட்டா உள்ள என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது, சரி பண்ணணும்னா உடைக்கணும். ஒருநாள் காலையில கலவை லாரி வாசல்ல நிக்குது, ஒரு மூலையில பிளாக் வைக்கல. இவன் நிறுத்தச் சொல்லியிருக்கான். எல்லார்கிட்டயும் திட்டு.

‘டேய், இதுதான்டா உன் போஸ்ட்’னேன்.

அவன் நம்பல. ‘இது என்னடா பெரிய விஷயம்?’ங்கிறான். பெரிய விஷயம் இல்லாததால தான் அது நம்புற மாதிரி இருக்கு. இதைப் பத்தி யார் என்ன கேட்டாலும் அவனால பதில் சொல்ல முடியும். எழுதி முடிச்சது இது:

‘நான் 5 வருஷம் சென்னையில் அடுக்குமாடி வீடு கட்டும் இடங்களில் சைட் இன்ஜினியராக இருந்தேன். போன வருஷம் ப்ராஜெக்ட் நின்றுபோனது. 8 மாதம் வேலை இல்லை. அப்போது மேனுவல் டெஸ்டிங் படித்தேன். இப்போது ஒரு நிறுவனத்தில் 6 மாத ட்ரெய்னி. அடுத்த மாதம் முடிகிறது. ஜூனியர் டெஸ்டர் வேலை தேடுகிறேன்.

சைட்டில் என் வேலைகளில் ஒன்று, கான்கிரீட் போடும் முன் கம்பியைச் சரிபார்ப்பது. ஒருநாள் 2 லாரி கலவை வந்து நிற்கும்போது, ஸ்லாபில் ஒரு பக்கம் கவர் பிளாக் வைக்காததைப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். முக்கால் மணி நேரம் திட்டு வாங்கினேன். வைத்த பிறகுதான் போட்டோம்.

இப்போது ஒரு பில்லிங் ஆப்புக்கு டெஸ்ட் கேஸ் எழுதுகிறேன், பக் பதிவு செய்கிறேன், போஸ்ட்மேனில் ஏபிஐ சோதிக்கிறேன். ஆட்டோமேஷன் இன்னும் தெரியாது. செலினியம் படிக்கத் தொடங்கி 3 வாரம் ஆகிறது.’

இதுல மூணு இடத்துல எங்களுக்குள்ள சண்டை வந்துச்சு.

முதல் சண்டை, எட்டு மாசம். ‘வேலை இல்லாம இருந்தேன்னு நானே சொல்லணுமா?’ன்னான். ரெஸ்யூமேல தேதி இருக்கு, எப்படியும் கேப்பாங்க. நீயே ஒரு வரியில சொல்லிட்டா அது தகவல். அவங்க கண்டுபிடிச்சா அது வேற மாதிரி ஆயிடும். வச்சுக்கிட்டோம்.

ரெண்டாவது, பழைய கம்பெனி சம்பளத்தை இழுத்தடிச்ச கதை. ரெக்கார்டிங்ல அதுதான் ரொம்ப சூடா வந்துச்சு. அதை எடுத்துட்டோம். உண்மையா எழுதுறதுன்னா எல்லாத்தையும் கொட்டுறதுன்னு அர்த்தம் இல்ல. வேலை கொடுக்கப் போறவருக்கு அந்தக் கதையால ஒரு உபயோகமும் கிடையாது, இவனுக்கு வம்பு மட்டும்தான் மிஞ்சும்.

மூணாவது, கடைசி வரி. ‘கட்டடமோ கோடோ, அஸ்திவாரம்தான் முக்கியம்’னு முடிக்கணும்னு அடம் பிடிச்சான். இதை மெஷின் எழுதல, அவனே யோசிச்சது. ஆனா முதல் கேள்வியைக் கேட்டுப் பாருங்க, சிவில்ல இருந்து ஐடிக்கு வந்த எல்லாரும் இதைப் போட்டுக்கலாம். லாரி கதையைப் படிச்சவங்களுக்கு அது டெஸ்டிங் வேலைதான்னு தானாப் புரியும். வெட்டிட்டோம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். ‘மெஷின் எழுதினதான்னு கண்டுபிடிக்கிற டூல்ல போட்டுப் பாக்கலாமா’ன்னு கேட்டான். ஓப்பன்ஏஐ கம்பெனியே 2023 ஜனவரியில அப்படி ஒரு டூல் விட்டுச்சு. துல்லியம் குறைவா இருக்குன்னு சொல்லி அதே வருஷம் ஜூலையில எடுத்துடுச்சு. அப்படியே சரியா வேலை செஞ்சாலும், 20 பேர் டீம் பொய்யான்னு அது சொல்லாது. மனுஷன் எழுதின மாதிரி தெரியணும்னு வேணும்னே ரெண்டு எழுத்துப்பிழை, நாலு ‘மச்சான்’ தூவுறதும் அதே கதைதான். இண்டர்வியூல உக்காந்திருந்தவர் நடையைப் பத்திக் கேக்கல, விஷயத்தைத்தான் கேட்டார்.

பழைய போஸ்டை எடுத்துட்டு இதைப் போட்டான். லைக் பாதி கூட வரல. ஆனா மூணு பேர் மெசேஜ் பண்ணாங்க, அதுல ஒருத்தர் கேட்டது லாரியைப் பத்தித்தான். அவரோட இண்டர்வியூ வர்ற வியாழக்கிழமை. என்ன ஆகும்னு தெரியாது.

அதைவிட எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. அந்த சைட் மேஸ்திரியோட பையன் போஸ்டைப் பாத்துட்டு அப்பாகிட்ட படிச்சுக் காட்டியிருக்கான். மேஸ்திரி இவனுக்குப் போன் பண்ணி, ‘தம்பி, அன்னிக்கு நின்னது ரெண்டு லாரி இல்ல, மூணு. திட்டினதுல நானும் ஒருத்தன்’னாராம்.

போஸ்டை எடிட் பண்ணி மூணுன்னு மாத்திட்டான். சரி மக்களே, அடுத்த வாரம் பாக்கலாம்.