தைத்து முடியாத பனியனுக்கும் ஒரு விலை உண்டு

ஒரு மாதம் எவ்வளவு செலவு செய்தோமோ, அதுதான் அந்த மாத உற்பத்தியின் அடக்கவிலை என்று பல சிறு தொழிற்கூடங்களில் கணக்குப் போடுகிறார்கள். செலவு இந்த மாதத்தது. ஆனால் தயாராகி வெளியே வந்த சரக்கில் போன மாத வேலையும் கலந்திருக்கும், இந்த மாத வேலையில் கொஞ்சம் அடுத்த மாதத்துக்கும் போகும். இந்த இரண்டையும் சரிசெய்யத்தான் உற்பத்தி அடக்க அறிக்கை.

திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். மாதத் தொடக்கத்தில் 2 லட்சம் ரூபாய்க்குத் துணி இருந்தது. 10 லட்சத்துக்கு வாங்கினார்கள். மாதக் கடைசியில் 3 லட்சத்துக்கு மிச்சம். அப்படியானால் பயன்பட்ட துணி 9 லட்சம். அதோடு தையல் கூலி 4 லட்சம். மின்சாரம், மேற்பார்வையாளர் சம்பளம், இயந்திரத் தேய்மானம் என்று தொழிற்கூடச் செலவு 1 லட்சத்து 80 ஆயிரம். மொத்தம் 14 லட்சத்து 80 ஆயிரம். அலுவலகச் செலவும் விற்பனைக் கமிஷனும் இதில் சேராது. பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் போன மாதம் பாதியில் நின்ற பனியன்களின் மதிப்பு 1 லட்சத்து 20 ஆயிரத்தைக் கூட்ட வேண்டும்; இந்த மாதம் பாதியில் நிற்பவற்றின் மதிப்பு 2 லட்சத்தைக் கழிக்க வேண்டும். கிடைப்பது 14 லட்சம். முடிந்த பனியன்கள் 14,000 என்றால் ஒன்றின் அடக்கம் 100 ரூபாய். பாதி வேலையைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஏறக்குறைய 106 ரூபாய் என்று காட்டும்.

பாதி முடிந்ததை மதிப்பிடுவது வெறும் ஊகம்தானே என்று கேட்கலாம். ஊகம்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்வதல்ல. மாதக் கடைசியில் 2,500 பனியன்களுக்குத் துணி வெட்டியாகிவிட்டது, தையல் பாதிதான் ஆகியிருக்கிறது. துணிச் செலவு ஒன்றுக்கு 60 ரூபாய், அதை முழுதாக எடுக்க வேண்டும். கூலியும் தொழிற்கூடச் செலவும் சேர்ந்து 40 ரூபாய், அதில் பாதி 20. ஆக ஒன்றுக்கு 80 ரூபாய், மொத்தம் 2 லட்சம். இந்த மாதம் கூட்டினால் அடுத்த மாதம் குறையும், கடைசியில் சரியாகிவிடும் என்று சொல்வதிலும் உண்மை உண்டு. பாதி வேலை மாதாமாதம் ஒரே அளவில் இருந்தால் பிழை பெரிதாகத் தெரியாது. ஆர்டர் ஏறி இறங்கும் தொழிலில் அது ஒரே அளவில் நிற்பதில்லை. நூல் விலையும் கூலியும் மாறாமலே ஒரு பனியனின் அடக்கம் மாதத்துக்கு மாதம் குதித்தால், முதலில் பார்க்க வேண்டியது பாதி வேலையின் மதிப்பைக் காட்டும் வரியைத்தான்.

தயாராகி மடித்து வைத்த சரக்கின் இருப்பு இந்த அறிக்கைக்குள் வராது. அடுத்த கட்டத்தில்தான் வரும். 14 லட்சத்தோடு தொடக்க இருப்பு 3 லட்சத்தைக் கூட்டி, இறுதி இருப்பு 5 லட்சத்தைக் கழித்தால், விற்ற சரக்கின் அடக்கம் 12 லட்சம். அறைக்குள் அடுக்கியிருக்கும் பனியன்களின் செலவு, அவை விற்கும்வரை லாபத்தைக் குறைக்கக் கூடாது. விலை பேச உட்காரும்போது 100 ரூபாய் என்ற எண் வேண்டும்; மாத லாபம் பார்க்க 12 லட்சம் என்ற எண் வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் குழப்பினால் இரண்டும் தப்பாகும்.