நிழல் திசை மாறும் ஊர்



கண்டியில் வாழ்கின்ற நமக்குப் பனிக்காலம் என்று ஒன்று இல்லை. மார்கழியிலும் தை மாதத்திலும் விடியற்காலையில் குளக்கரையிலே பனிமூட்டம் படர்ந்திருக்கும். ஹந்தானை மலையின் உச்சி சிறிது நேரம் கண்ணுக்குத் தெரியாமற் போகும். ஆயினும் மிகக் குளிர்ந்த சனவரிக்கும் மிக உஷ்ணமான ஏப்ரலுக்கும் இடையே சராசரி வெப்பநிலையில் ஏறத்தாழ மூன்று பாகை வித்தியாசத்திற்கு மேல் இங்கே காண்பதரிது. இலண்டன் மாநகரத்திலோ மரங்கள் இலையை முற்றாக உதிர்த்து நின்று, பிறகு துளிர்க்கின்றன. ஒரே சூரியனுக்குக் கீழே, ஒரே பூமியின் மேலே, இவ்வளவு பேதம் எப்படி உண்டாயிற்று என்பதைச் சொல்லிக் கேட்பதைவிடக் கண்ணாலே கண்டு தெளிவது நலம் என்று கருதியே, ஒரு டோர்ச் விளக்கையும் ஒரு பூகோள உருண்டையையும் இந்த மேடைக்குக் கொண்டுவந்திருக்கின்றேன்.

கோடைக்குக் காரணம் என்னவென்று இங்கே நுழையும்போது சில பிள்ளைகளைக் கேட்டேன். பூமி சூரியனுக்கு அருகே போகும்போது கோடை, தூரத்தே போகும்போது குளிர் என்றார்கள். அடுப்புக்கு அருகே போனால் சுடும், விலகினால் சுடாது என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் அப்படி நினைப்பது இயல்பே. பெரியவர்களிலும் பலர் இந்த அபிப்பிராயத்தோடே இருக்கின்றார்கள். பூமியின் சுற்றுப்பாதை சுத்த வட்டமன்று. தூரம் கூடுவதும் குறைவதும் உண்மையே. ஆனால் பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது எப்போது தெரியுமா? சனவரி மாதத்தின் முதல் வாரத்தில்! அப்போது தூரம் சுமார் 14 கோடியே 71 இலட்சம் கிலோமீற்றர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில். அப்போது சுமார் 15 கோடியே 21 இலட்சம் கிலோமீற்றர். அதாவது, இலண்டன் குளிரில் நடுங்குகின்ற மாதத்திலேதான் அது சூரியனுக்கு அருகில் இருக்கின்றது. அதே சனவரியில் அவுஸ்திரேலியாவிலோ கடுங்கோடை. தூரமே காரணமானால் உலகம் முழுவதற்கும் ஒரே வேளையில் கோடையும் ஒரே வேளையில் குளிரும் வரவேண்டும் அல்லவா? ஆகையால் அந்தக் காரணத்தை மரியாதையோடு விலக்கிவைத்துவிட்டு, உண்மைக் காரணத்தைத் தேடுவோம்.

மண்டபத்தின் விளக்குகளைச் சற்று அணைக்குமாறு வேண்டுகின்றேன். தம்பி, நீ இப்படி வா. இந்தக் கட்டம் போட்ட கடதாசியை மேசையில் விரித்து, அதற்கு நேர்மேலே, ஒரு சாண் உயரத்தில் டோர்ச்சைப் பிடி. என்ன தெரிகின்றது? பிரகாசமான ஒரு வட்டம். தங்கச்சி, அந்த வட்டத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, உள்ளே எத்தனை கட்டங்கள் என்று எண்ணிச் சொல். நாற்பது; நல்லது. இனித் தம்பி, தூரத்தை மாற்றாமல் டோர்ச்சை மட்டும் நன்றாகச் சாய்த்து, கடதாசியோடு முப்பது பாகைக் கோணத்தில் ஒளி விழும்படி பிடி. வட்டம் நீண்டு முட்டை வடிவமாகிவிட்டது பாருங்கள். எண்ணிப் பார்த்தால் கட்டங்கள் சுமார் எண்பது. டோர்ச் மாறவில்லை, அதற்குள்ளிருக்கும் பற்றரி மாறவில்லை, வெளிவருகின்ற ஒளியும் மாறவில்லை; முன்பு நாற்பது கட்டங்கள் பங்கிட்டுக்கொண்ட ஒளியை இப்போது எண்பது கட்டங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன; ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைப்பது பாதி. சூரிய கிரணம் தலைக்கு நேரே விழுந்தால் நிலம் சுடுவதும், சாய்ந்து விழுந்தால் இளஞ்சூடாய் இருப்பதும் இந்தப் பங்கீட்டினாலேதான். நண்பகல் வெயிலையும் மாலை வெயிலையும் நினைத்துப் பார்த்தால், இது நாள்தோறும் நீங்கள் உடம்பினாலே உணர்கின்ற விஷயம் என்பது விளங்கும்.

இனி உருண்டைக்கு வருவோம். இது தன் தாங்கியிலே நிமிர்ந்து நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது செய்தவன் பிழையன்று. பூமியின் அச்சு உண்மையிலேயே இருபத்துமூன்றரைப் பாகை அளவில் சாய்ந்திருக்கின்றது. இலங்கைத் தீவின் நடுவே, கண்டி இருக்கும் இடத்தில், ஒரு தீக்குச்சியின் சிறு துண்டை மெழுகு வைத்து நிறுத்தியிருக்கின்றேன். இலண்டன் இருக்கும் இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. தம்பி மண்டபத்தின் நடுவே டோர்ச்சோடு நிற்பான், அவனே சூரியன். டோர்ச்சை உருண்டையின் நடுவயிற்றுக்குச் சமமான உயரத்தில் அவன் பிடிக்கவேண்டும். மேலே உயர்த்தினாலும் கீழே தாழ்த்தினாலும் பரீட்சை பிழைத்துவிடும். நான் உருண்டையைச் சுமந்துகொண்டு அவனைச் சுற்றிவருவேன்; அவன் நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பி உருண்டையின்மேல் ஒளியைப் பாய்ச்சுவான்.

இங்கேதான் அநேகர் தவறு செய்கின்றார்கள். சுற்றி நடக்கும்போது கை தானாகவே உருண்டையைத் திருப்பி, அதன் வடமுனை எப்போதும் விளக்கை நோக்கியே சாய்ந்திருக்கும்படி செய்துவிடும். அப்படிச் செய்தால் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வடக்கே கோடையே நிலைத்துநிற்கும். பருவம் மாறவே மாறாது. பருவம் மாறாத உருண்டையைக் கண்டால், சுமப்பவர் அச்சைத் திருப்பிவிட்டார் என்று அறிந்துகொள்ளுங்கள். பூமியின் அச்சோ, துருவ நட்சத்திரத்தை நோக்கிய திசையை ஆண்டு முழுவதும் விடுவதில்லை. ஆகையால் நான் எங்கே நின்றாலும் இந்த அச்சின் மேல்நுனி அந்த வடக்குச் சுவரையே காட்டும். காட்டுகின்றதா என்று கவனித்துச் சொல்வது உங்கள் பொறுப்பு.

முதலில் தம்பிக்குத் தெற்குப் பக்கத்தில் நிற்கின்றேன். அச்சு வடக்கே சாய்ந்திருப்பதால் வடமுனை விளக்கை நோக்கிக் குனிந்திருக்கின்றது. இது ஜூன் 21. உருண்டையைச் சுழற்றுகின்றேன், இலண்டனின் சிவப்புப் பொட்டைப் பாருங்கள், ஒரு சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சத்தில் கழிக்கின்றது. அங்கே அன்று பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து அறுபத்திரண்டு பாகை உயரத்தில் நிற்கும். இனி நடந்து, தம்பியின் வடக்குப் பக்கத்துக்கு வருகின்றேன். அச்சு அதே சுவரைக் காட்டுகின்றது. ஆனால் விளக்கு இப்போது அதன் முதுகுப்புறத்தில் இருப்பதால், வடமுனை ஒளிக்குப் புறங்காட்டி நிற்கின்றது. இது டிசம்பர் 21. சிவப்புப் பொட்டு மூன்றில் ஒரு பங்கு நேரமே வெளிச்சத்தில் வருகின்றது. நண்பகலிலும் சூரியன் அங்கே பதினைந்து பாகைதான் உயரும்; அந்தச் சாய்வில் விழுகின்ற ஒளியை, நேரே விழுந்தால் வாங்கிக்கொள்ளும் நிலத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு நிலம் பங்கிட்டுக்கொள்கின்றது. சாய்ந்த கிரணம் ஒன்று, குறுகிய பகல் ஒன்று. இவ்விரண்டும் சேர்ந்தே அவர்களுடைய பனிக்காலம். இவ்விரு நிலைகளுக்கும் நடுவே, கிழக்கிலும் மேற்கிலும் நான் நிற்கும்போது சாய்வு விளக்குக்குப் பக்கவாட்டாகிவிடுகின்றது. அவையே செப்டெம்பரும் மார்ச்சும். எங்கும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம்.

ஒரு சந்தேகம் உங்களுக்கு எழலாம்: வடபாதி விளக்கை நோக்கிச் சாய்வதால் சூரியனுக்கு அருகே போய்விடுகின்றது, அதனாலேயே சுடுகின்றது என்று சொல்லலாகாதா? சொல்லலாகாது. இந்த மண்டபத்துக்குள் நாம் தூரத்தைச் சுருக்கிவிட்டோம் என்பதை மறக்கவேண்டாம். ஓர் அடி அகலமுள்ள இந்த உருண்டையைப் பூமி என்று கொண்டால், சூரியனை வைக்கவேண்டிய இடம் சுமார் மூன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால்; பேராதனைக்குப் போகும் வீதியிலே பாதி வழிக்கு மேல் நடந்து, அங்கே முப்பத்துமூன்று மீற்றர் அகலமுள்ள ஒரு தீப்பிழம்பை வைக்கவேண்டும். அத்தனை தூரத்தில் உள்ள தீக்கு, இந்த உருண்டை சில அங்குலம் முன்னே குனிவது ஒரு பொருட்டாகுமா? சாய்வு மாற்றுவது தூரத்தையன்று. கிரணம் விழும் கோணத்தையும் பகலின் நீளத்தையுமே.

இப்போது நம் தீக்குச்சியைப் பாருங்கள். ஜூன் நிலையில் அதன் நிழல் தெற்கே விழுந்தது. டிசம்பர் நிலையிலோ வடக்கே விழுகின்றது! கண்டி மத்தியகோட்டுக்கு வடக்கே ஏழேகால் பாகையில் இருப்பதால், சூரியன் வடக்கும் தெற்குமாகச் செய்கின்ற சஞ்சாரத்தில் ஆண்டுக்கு இருமுறை நம் உச்சிக்கு நேரே வந்துபோகின்றது. ஏப்ரல் 8ஆம் திகதியை ஒட்டி ஒருமுறை, செப்டெம்பர் 4ஆம் திகதியை ஒட்டி ஒருமுறை. இலண்டனில் நண்பகல் நிழல் என்றைக்கும் வடக்கேதான். இன்னொன்றும் சொல்வேன்: டிசம்பரில் நம் நண்பகற் சூரியன் மிகத் தாழ்ந்து நிற்கும்போதும் அதன் உயரம் ஐம்பத்தொன்பது பாகை, இலண்டனின் உச்சக் கோடையில் அறுபத்திரண்டு என்று சற்றுமுன் சொன்னேன். அவர்களுடைய மிகச் சிறந்த நண்பகலும் நம்முடைய மிகத் தாழ்ந்த நண்பகலும் ஏறத்தாழ ஒன்றே! நம் பகலும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஐம்பது நிமிடத்துக்கு மேல் கூடிக் குறைவதில்லை. நமக்குப் பனிக்காலம் வாய்க்காத காரணம் இதுவே.

ஆனால் அச்சின் சாய்வு நம்மை அடியோடு மறந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே போய் இந்தியப் பெருநிலத்தைக் காய்ச்சும்போது, அங்கே காற்று சூடேறி மேலெழ, அந்த இடத்தை நிரப்பச் சமுத்திரத்தின் ஈரக்காற்று தென்மேற்கிலிருந்து விரைந்து வருகின்றது. நம் மலைகள் குறுக்கே நின்று அதை மேலே ஏற்றிக் குளிர்வித்து, கினிகத்தேனைப் பக்கத்திலே பெருமழையாய்ப் பெய்விக்கின்றன. ஈரத்தை இழந்து மலைக்கு அப்பால் இறங்குகின்ற அதே காற்றுத்தான் மட்டக்களப்பிலே வறண்ட கச்சானாய் வீசுகின்றது. டிசம்பரில் சூரியன் தெற்கே போனபின் காற்று திசை மாறி வாடையாய் வடகிழக்கிலிருந்து வந்து, நக்கிள்ஸ் மலைத்தொடரின் கீழ்ப்புறத்தை நனைக்கின்றது. இரண்டுக்கும் நடுவே இருக்கின்ற கண்டி இரண்டிலும் பங்கு பெறுகின்றது. காற்று மாறுகின்ற ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் மாலைதோறும் இடியோடு மழை காண்கின்றது. இந்தக் காற்றுகளை ஒரு டோர்ச்சும் உருண்டையும் காட்டமாட்டா. அவற்றை ஏவுகின்ற சாய்வை மட்டுமே காட்டும்.

இன்று கண்டதை நாளை உங்கள் பாடசாலை முற்றத்திலே சோதித்துப் பாருங்கள். சரியாக ஒரு மீற்றர் நீளமுள்ள கோலை நிமிர்த்தி நட்டு, தூக்குநூல் பிடித்து அது சாயவில்லை என்று உறுதி செய்து, பகல் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பிருந்து பன்னிரண்டேகால் வரை நிழலின் நுனியைக் குறித்து, அவற்றில் மிகக் குறுகியதை அளந்துகொள்ளுங்கள். டிசம்பர் 21இல் அது வடக்கே சுமார் 59 சென்ரிமீற்றர் இருக்கும். ஜூன் 21இல் தெற்கே சுமார் 29. மேகம் மறைத்தால் வருந்தவேண்டாம். அந்த நாட்களில் நிழல் மிக மெதுவாகவே மாறுவதால், இரண்டு மூன்று நாள் பிந்தி அளந்தாலும் கணக்குப் பிழைக்காது. ஏப்ரலிலோ அப்படியன்று, ஒவ்வொரு நாளும் ஆறு ஏழு மில்லிமீற்றர் குறைந்துகொண்டேபோய், எட்டாம் திகதியை ஒட்டிக் கோலின் காலடியிலே நிழல் ஒடுங்கிவிடும்.

அந்த ஏப்ரல் மாதத்திலே, ஐந்தாம் திகதி அளவில் தெய்வேந்திரமுனைக்கு நேர்மேலே வருகின்ற சூரியன், நாளுக்குச் சிறிது வடக்கே நகர்ந்து, கண்டியைத் தாண்டி, பதினைந்தாம் திகதி அளவில் பருத்தித்துறையை அடைந்து நம் தீவைக் கடக்கின்றது. அந்தப் பயணம் முடிவதற்குள்ளே நம் சித்திரை வருஷப் பிறப்பும் வந்துவிடுகின்றது. அடுத்த வருஷப் பிறப்பன்று நண்பகலில் உங்கள் கோலைப் போய்ப் பாருங்கள். நான்கு மாதம் முன்பு வடக்கே நீண்டுகிடந்த நிழல், தெற்குப் பக்கத்திலே ஏறத்தாழ இரண்டு விரல் அகலத்துக்கு எட்டிப் பார்க்கும். அந்தச் சிறு நிழல் பூமியின் சாய்வை உங்களுக்குக் காட்டும். அதைக் கண்டவர்கள் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.