நடுத்தாங்கியின் பங்கு எவ்வளவு?
(கட்டமைப்பியல் கருத்தரங்கின் தலைமை உரை)

இன்று வாசிக்கப்படவுள்ள கட்டுரைகள் பலவற்றுக்கும் அடித்தளமான ஒரு கணக்கை, எண்களோடு உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இரண்டு கண் கொண்ட ஒரு தொடர் உத்தரத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கண்ணும் 5 மீட்டர். சீரான சுமை மீட்டருக்கு 20 கிலோநியூட்டன், மொத்தம் 200. தாங்கிகள் மூன்று. செங்குத்து விசைகளின் சமநிலை ஒரு சமன்பாடு தரும், திருப்புத்திறன்களின் சமநிலை இன்னொன்று தரும். தெரியாத எதிர்விசைகளோ மூன்று. இந்தச் சமன்பாடுகளை எத்தனை முறை புரட்டிப் போட்டாலும் மூன்றாவது விடை அவற்றிலிருந்து வராது.

அந்த விடை தொய்விலிருந்து வருகிறது. நடுத்தாங்கியை மனத்தளவில் எடுத்துவிடுவோம். இப்போது அது 10 மீட்டர் நீளமுள்ள எளிய உத்தரம். சுமையால் அதன் நடுப்புள்ளி கீழே இறங்கும். பிறகு அதே புள்ளியில் R என்ற விசையால் மேல்நோக்கித் தள்ளுவோம். தாங்கி அசையாதது என்றால் இறங்கிய அளவும் ஏறிய அளவும் சமமாக இருந்தாக வேண்டும்:

5wL⁴/24EI = RL³/6EI

இரு பக்கத்திலும் EI அடிபட்டுப்போகிறது. R = 5wL/4, அதாவது 125 கிலோநியூட்டன். ஓரத் தாங்கிகளுக்கு மிஞ்சுவது 37.5 வீதம். கண்ணைப் பாதி பாதியாகப் பிரித்து நடுத்தூணுக்கு 100 என்று எழுதிவிடும் பழக்கம் கட்டுமான அலுவலகங்களில் இன்றும் உண்டு. அந்தத் தூணும் அதன் அடித்தளமும் கணக்கில் காட்டியதைவிடக் கால் பங்கு கூடுதலாகச் சுமக்கின்றன.

EI அடிபட்டுப்போவதால் பலர் அதை மறந்தே விடுகிறார்கள். என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. தாங்கி அசையாது என்பது நாம் எழுதிய நிபந்தனை. மண் அதற்குக் கட்டுப்படுவதில்லை. தாங்கி δ அளவு இறங்கினால், இரண்டு தொய்வுகளின் வித்தியாசம் δ ஆக வேண்டும்:

R = 5wL/4 − 6EIδ/L³

EI திரும்பி வந்துவிட்டது. நம் உத்தரம் 230 மி.மீ. அகலம், 450 மி.மீ. உயரம், எம்25 கான்கிரீட் என்று வைத்துக்கொள்வோம். விரிசல் விடாத குறுக்குவெட்டுக்கு, தாங்கி இறங்கும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் R ஏறத்தாழ 2.1 கிலோநியூட்டன் குறைகிறது. 10 மி.மீ. இறங்கினால் R 104 ஆகும். ஓரங்கள் 48 வீதம் ஏற்கும். நடுத்தாங்கியின் மேல் 62.5 கிலோநியூட்டன்-மீட்டராக இருந்த எதிர்வளைவு 10 ஆகச் சுருங்குகிறது. கண்ணுக்குள் கீழ்க்கம்பி ஏற்க வேண்டிய உச்சத் திருப்புத்திறனோ 35-இலிருந்து 58-க்கு ஏறுகிறது.

இதைப் பார்த்ததும் பலருக்குத் தோன்றும் பரிகாரம், உத்தரத்தைப் பெரிதாக்குவது. உயரத்தை 600 ஆக்கிப் பாருங்கள். EI 2.37 மடங்காகிறது. சுமையை மாற்றாமலே கணக்கிட்டாலும், அதே 10 மி.மீ. இறக்கத்துக்கு R 75 ஆக விழுகிறது. நடுத்தாங்கியின் மேல் எதிர்வளைவு மறைந்து, 62 அளவுக்கு நேர்வளைவு வந்துவிடுகிறது. மேலே கம்பி கட்டிய இடத்தில் இழுவிசை கீழே நிற்கிறது. கண்ணின் உச்சம் 97-ஐத் தொடுகிறது. விறைப்பான உத்தரம் தாங்கியின் இறக்கத்தோடு வளைந்துகொடுக்காது. சுமையை ஓரங்களுக்குத் தள்ளிவிடும். இதை மாணவர்களுக்கு எண்ணோடு காட்டாமல் விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நடைமுறையில் பாதிப்பு இவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. விரிசல் விட்ட கான்கிரீட்டின் விறைப்பு பாதிக்கும் கீழே போகலாம். இறக்கம் ஆண்டுக்கணக்கில் மெதுவாக நடந்தால், க்ரீப் என்று நாம் சொல்லும் நெகிழ்வு அந்தக் கூடுதல் விசைகளில் பெரும்பகுதியைத் தணித்துவிடும். வேகமாக இறங்கும் தாங்கிதான் ஆபத்தானது. அடையாளம் காண வழி உண்டு: நடுத்தூண் மேல் உத்தரத்தின் மேல்முகத்தில் விரிசல் இல்லாமல், கண்ணின் அடிமுகத்தில், ஓரத் தூணிலிருந்து கண்ணின் பாதித் தொலைவிலோ அதற்கும் அப்பாலோ விரிசல் கூடினால், சுமை ஓரங்களுக்கு நகர்ந்திருக்கிறதா என்று சந்தேகியுங்கள். கொத்தனாரின் டியூப் லெவலை மூன்று தூண்களிலும் பிடித்துப் பார்த்தாலே 10 மி.மீ. வித்தியாசம் தெரிந்துவிடும். கட்டும்போதே குறித்து வைத்த மட்டம் இருந்தால்தான் அது இறக்கமா, கட்டிய நாளின் பிசகா என்று சொல்ல முடியும்.

ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். எதிர்விசைகளின் அட்டவணைக்குப் பக்கத்தில், δ எவ்வளவு என்று கொண்டீர்கள், எந்த EI-ஐ எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். சுழி என்று கொண்டிருந்தால் சுழி என்றே எழுதுங்கள். விவாத நேரத்தில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். இனி முதல் அமர்வின் கட்டுரையாளரை அழைக்கிறேன்.