பாட்டிலைத் திருப்பிப் பாருங்க

"கடைக் கெட்சப்பை விட உங்க குழு பாட்டில் விலை கூடுதலா இருக்கே?"ன்னு சந்தையில என்னைக் கேட்கிறாங்க. பதில் லேபிளில் இருக்கு.

சேர்மானப் பட்டியலில் எடை அதிகமான பொருள்தான் முதலில் வரணும், அது சட்டம். ஒரு பாட்டிலில் தண்ணீர், சர்க்கரை, அதுக்குப் பிறகுதான் 'டொமேட்டோ பேஸ்ட் 10%'. இன்னொன்றில் 28%. பேஸ்ட் என்பது தக்காளியைச் சுண்டக் காய்ச்சியது. ஒரு கிலோ பேஸ்டுக்கு ஐந்தாறு கிலோ பழம் வேணும். அப்போ 100 கிராம் கெட்சப்பில், முதல் பாட்டிலில் 50, 60 கிராம் பழம். இரண்டாவதில் 140 கிராமுக்குக் குறையாது. பழம் குறைஞ்சும் கெட்டியா இருந்தா, பட்டியலில் ஸ்டார்ச்சைத் தேடுங்க.

வினிகரில் 'சிந்தெடிக்' என்றிருந்தால் அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்தது. 'புரூட்' என்றால் புளிக்க வைத்தது. சோயா சாஸும் அப்படித்தான். சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் மட்டும் இருந்தா மாதக்கணக்கில் ஊறிப் புளிச்சது. 'ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்', கேரமல் நிறம் எல்லாம் இருந்தா பெரும்பாலும் கலந்து செஞ்சது. கலந்தது கெடுதல்னு நான் சொல்லல. ஆனா புளிக்க வைத்ததோட விலையை அதுக்கு ஏன் கொடுக்கணும்?

எங்க லேபிளில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் பழம்னு அச்சடிச்சிட்டோம். விலை கேட்கிறவங்க கையில பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துடறேன்.