ரிமோட் அவனுக்கு, பேட்டரி இவளுக்கு

2011 ஏப்ரல் 2. மும்பையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. திருமயத்தில் ஒரு வீடு. அண்ணனுக்கு மேட்ச் பார்க்கணும், தங்கச்சிக்குப் பாட்டு நிகழ்ச்சி. இழுத்த இழுப்பில் ரிமோட்டின் மூடி கழன்று, பேட்டரி ரெண்டும் கட்டிலுக்கடியில் உருண்டுவிட்டன.

பொறுக்கி எடுத்த அப்பத்தா, ரிமோட்டை அவனிடமும் பேட்டரியை இவளிடமும் கொடுத்தார். "இனிமே பேசித்தான்டா ஆகணும்!"

பேசினார்கள். ஆட்டம் நடக்கும்போது கிரிக்கெட். நடுவில் வரும் முக்கால் மணி நேர இடைவேளையில் பாட்டு. இலங்கை 274 ரன்னோடு முடித்ததும் அண்ணனே சேனலை மாற்றினான். ராத்திரி தோனி சிக்ஸர் அடித்து ஜெயித்தபோது, முதலில் கத்தியது தங்கச்சிதான்.

உங்கள் வீட்டில் சண்டை வந்தால் ரிமோட்டைப் பிடுங்கி ஒளிக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிப் பிரித்துக் கொடுங்கள்!