விண்வெளி உடைக்குள் எவ்வளவு காற்று?

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



1965 மார்ச் 18 அன்று சோவியத் வீரர் அலெக்சி லியோனவ், வோஸ்கோத் 2 கலத்திலிருந்து வெளியே வந்து விண்வெளியில் மிதந்த முதல் மனிதர் ஆனார். சுமார் 12 நிமிடங்கள் கழித்துத் திரும்பும்போதுதான் சிக்கல். வெளியே காற்றே இல்லாததால் அவருடைய உடை உப்பி விறைத்துவிட்டது. விரல்கள் கையுறையின் நுனியிலிருந்து பின்வாங்கிவிட்டன. குறுகலான வாசலுக்குள் அவரால் நுழைய முடியவில்லை.

நீளமான பலூனை ஊதிக் கட்டிவிட்டு மடக்கிப் பாருங்கள். மடங்கும் இடத்தில் உள்ளிடம் குறையும், காற்று எதிர்த்துத் தள்ளும். உடையின் முழங்கையும் விரலும் அப்படித்தான். அதனால்தான் இன்றைய உடைகளில் தோளிலும் மணிக்கட்டிலும் சுழலும் வளையங்களும், முழங்கையில் மடிப்புகளும் வைக்கிறார்கள். மடக்கினாலும் உள்ளிடம் அதிகம் மாறக்கூடாது என்பதே நோக்கம். இருந்தும் கையுறை இன்றுவரை சவால்தான். பல மணி நேரம் கருவிகளைப் பிடித்து வேலை செய்யும் வீரர்களுக்கு நகம் பாதிக்கப்படுவதுண்டு.

இன்னொரு வழி, அழுத்தத்தையே குறைப்பது. லியோனவ் செய்தது அதுதான். வால்வைத் திறந்து உடையின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தலைப்பக்கமாக உள்ளே நுழைந்தார்.

அழுத்தம் குறைந்தால் மூச்சுக்குப் போதுமா என்று கேட்கலாம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். உடைக்குள் தூய ஆக்சிஜனை மட்டும் நிரப்பினால், பூமியின் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே போதும். அமெரிக்க உடை அப்படித்தான் இயங்குகிறது.

ஆனால் விண்வெளி நிலையத்துக்குள் இருப்பது நம் வீட்டில் உள்ளது போன்ற காற்று. அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருக்கும். அழுத்தம் சட்டென்று குறைந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் அது குமிழிகளாக வெளிவரும். முதலில் முட்டியிலும் தோளிலும் வலி வரும். குமிழி நரம்பு மண்டலத்தைத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. ஆழ்கடலிலிருந்து வேகமாக மேலே வரும் முக்குளிப்பவர்களுக்கும் இதே நோய்தான்.

எனவே வெளியே போகுமுன் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கிறார்கள். ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் நைட்ரஜன் வெளியேறும். அமெரிக்க உடையில் சும்மா உட்கார்ந்து சுவாசித்தால் சுமார் 4 மணி நேரம் ஆகும். உடற்பயிற்சி செய்தால் ரத்த ஓட்டம் கூடி நேரம் குறையும். நடுவில் முகமூடியைக் கழற்றிவிட்டால் நைட்ரஜன் மறுபடி ஏறும், அதற்கு ஈடாகக் கூடுதல் நேரம் சுவாசிக்க வேண்டும்.

ரஷ்யர்களின் ஓர்லான் உடையில் அழுத்தம் சற்று அதிகம். ஆகவே அரை மணி நேர ஆக்சிஜனே போதும். ஆனால் உடை கூடுதலாக விறைக்கும், கை சீக்கிரம் சோர்ந்துவிடும். காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் கைக்கு உழைப்பு கூடுகிறது. இரண்டையும் ஒருசேரக் குறைக்கும் உடை இன்னும் வரவில்லை.