பெரட்டுக்களமும் செயலியும்: கிக் தொழிலாளரின் வர்க்க நிலை



மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டியோரின் பேரப்பிள்ளைகளுள் பலர், இன்று நகரச் சாலைகளில் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுசெல்கின்றனர். இவ்விரு தலைமுறையினரின் உழைப்பையும் முரண்பாட்டுக் கோட்பாட்டின் துணைகொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பதே நம் உரையின் நோக்கமாகும்.

மார்க்ஸ் தம் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் துண்டுக்கூலியைத் தனி அத்தியாயமாக ஆராய்கிறார். வேலை நேரத்திற்கன்றி, முடித்த வேலையின் அளவிற்குத் தரப்படும் கூலியே துண்டுக்கூலி. அம்முறையில் தொழிலாளி தன்னைத் தானே விரட்டிக்கொள்கிறான். ஆகவே மேற்பார்வையின் தேவை குறைகிறது என்பது அவர் காட்டும் உண்மை. தோட்டத்தில் கொண்டுவந்த பாலை நிறுத்துக் கணக்கெழுதியபோது இம்முறையின் சாயல் இருந்தது. செயலியிலோ அது முழு வடிவம் பெற்றுள்ளது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்திற்காக நாமே அமைத்த எடுத்துக்காட்டு. ஜாசினிலிருந்து மலாக்கா நகருக்கு வந்து உழைக்கும் இளைஞர் ஒருவர், பத்து மணி நேரத்தில் 16 உணவுப் பொதிகளைக் கொண்டுசேர்க்கிறார். ஒன்றுக்கு 6 ரிங்கிட் வீதம் அவருக்கு 96 ரிங்கிட் கிடைக்கிறது. பெட்ரோல், வண்டித் தவணை, பழுதுபார்ப்பு, கைப்பேசிக் கட்டணம் ஆகியவற்றுக்கு 31 ரிங்கிட் கழிந்தால் எஞ்சுவது 65 ரிங்கிட். மணிக்கு ஆறரை ரிங்கிட். 2025இல் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கணக்கில் வகுத்தால் 8.72 ரிங்கிட் ஆகும்.

இனி அந்த வீதம் 5 ரிங்கிட்டாகக் குறைந்தது எனக் கொள்வோம். அதே 96 ரிங்கிட்டைத் தொட அவர் ஏறத்தாழ 19 பொதிகளைச் சுமக்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு மணி நேரம் தேவை. பெட்ரோல் செலவும் கூடும். எவரும் ‘கூடுதலாக உழை’ எனக் கட்டளையிடவில்லை, வீதமே கட்டளையாகிவிட்டது. மழை பெய்தால் பால்வெட்டு நின்றுவிடும். இவருக்கோ மழைநாளில்தான் வேலை மிகுதி. வழுக்கும் சாலையின் ஆபத்தும் அவரையே சாரும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். வண்டி அவருடையதாயிற்றே, அவர் எப்படித் தொழிலாளி வர்க்கத்தைச் சேர்வார்? இதற்கு ரால்ஃப் டாரண்டார்ஃப் 1959இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் விடை காண உதவுகிறது. உடைமையைவிட அதிகாரமே வர்க்கங்களைப் பிரிக்கிறது என்பது அவர் கருத்து. வீதத்தை யார் தீர்மானிக்கிறார்? வேலையை யார் பகிர்கிறார்? கணக்கை முடக்கும் உரிமை யாரிடம் உள்ளது? மூன்றுக்கும் விடை நிறுவனமே. வண்டி தொழிலாளியிடம் இருப்பதால் அதிகாரம் அவரிடம் வந்துவிடவில்லை. செலவும் இழப்பும் மட்டுமே வந்தன.

ஆயினும் ஒரே நலன் உடையோர் தாமாகவே அமைப்பாகிவிடுவதில்லை என்றும் டாரண்டார்ஃப் கூறுகிறார். அவர்கள் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ள வேண்டும். தலைமை உருவாக வேண்டும். அமைப்பாவதற்கு இடம் வேண்டும். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்களமும் அடுத்தடுத்த லயன் வீடுகளும் அந்தத் தொடர்பைத் தந்தன. 1967இல் புக்கிட் ஆசாகான் தோட்டத் தொழிலாளர் தம் குறையை முறையிடக் கோலாலம்பூருக்கு நடந்தே சென்றது, அத்தகைய கூட்டு வாழ்வில் வேரூன்றிய செயலாகும். செயலியில் பெரட்டு இல்லை. கங்காணியின் முகமும் இல்லை. ஒவ்வொருவரும் தம் திரையைத் தனியே பார்க்கின்றனர். அடுத்த பொதிக்கு அருகில் நிற்பவரே போட்டியாளராகிறார்.

எனினும் உணவகத்தின் முன்னால் பொதிக்காகக் காத்திருக்கும் நேரமும் புலனக் குழுக்களும் புதிய பெரட்டுக்களங்களாகி வருகின்றன. 2022 ஆகஸ்டில் உணவு விநியோகிப்பாளர் நாட்டளவில் ஒருநாள் பணிநிறுத்தத்திற்கு அழைப்பு விடுத்தமை இதற்குச் சான்று. 2025 ஆகஸ்டில் மக்களவை கிக் தொழிலாளர் மசோதாவை நிறைவேற்றியது. சேவை ஒப்பந்தம், சமூகப் பாதுகாப்பு, முறையீட்டுக்குத் தீர்ப்பாயம் ஆகியவற்றுக்கு அது வழிசெய்கிறது.

கோட்பாட்டின் எல்லையையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். நேரச் சுதந்திரத்தை விரும்பியே இத்தொழிலுக்கு வருவோர் உண்டு. பகுதிநேரமாகச் செய்வோரும் உண்டு. இவர்கள் அனைவரின் நலனும் ஒன்றே எனக் கொள்வது பிழை. ஆகவே மாணவர்கள் இத்தொழிலை ஆராயும்போது வருமானத்தை மட்டும் வினவாமல், செலவு கழித்த மணிக்கூலியையும், வீதம் மாறியபோது யாரிடம் முறையிட்டார்கள் என்பதையும் வினவுக. முறையிட ஆளில்லை என்ற விடை வருமாயின், முரண்பாடு அங்கேதான் உள்ளது.